ஆறு மாதத்தில் ஜப்பானிய மொழி: தினம் ஒரு மணி நேரம், மாதம் ஒரு சோதனை

கேள்வி: "ஜப்பானிய மொழி கத்துக்கணும்னு ஆசை. ஆறு மாசம் இருக்கு, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். தினமும் என்ன செய்யணும்? சரியான வழியிலதான் போறேனான்னு மாசாமாசம் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

முதலில் கணக்கு. தினம் ஒரு மணி நேரம் என்றால் ஆறு மாதத்தில் சுமார் 180 மணி நேரம் கிடைக்கும். அதற்குள் நீங்கள் எட்டக்கூடிய இடம், ஜப்பானிய மொழித் திறனை அளக்கும் ஜே.எல்.பி.டி தேர்வின் முதல் படியான என்5. மெதுவாகப் பேசும் ஒருவரோடு உங்களைப் பற்றியும் அன்றாட வேலைகளைப் பற்றியும் பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும் அளவுக்குப் பேச்சும் வரும். செய்தி வாசிப்பதோ, வசனத்தைப் புரிந்துகொண்டு படம் பார்ப்பதோ இந்தக் காலத்துக்குள் நடக்காது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வைத்திருக்கும் நிறுவனம், ஜப்பானிய மொழியில் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தேற 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிடுகிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. இணையத்தில் கிடைக்கும் ஆறு மாதத் திட்டங்களும் பெரும்பாலும் அவர்களை மனத்தில் வைத்து எழுதியவைதான். அவர்களுக்கு மலையாகத் தெரியும் வாக்கிய அமைப்பு நமக்குப் பழகிய பாதை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு போன்ற சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டும், பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கும். நமக்கு நேரம் பிடிப்பவை எழுத்து, சொல், காது இந்த மூன்றும்தான். ஆகவே அந்தத் திட்டங்களில் இலக்கணத்துக்கு ஒதுக்கியிருக்கும் நேரத்தில் பாதியை எடுத்து இந்த மூன்றுக்கும் கொடுத்துவிடலாம். எதற்கு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடித்துத் தருவதற்குத்தான் மாதச் சோதனை. சோதனையில் வந்த எண் அடுத்த மாதத்தின் நேரப் பங்கீட்டை மாற்றவில்லை என்றால் அந்தச் சோதனையை எழுதியதில் பயனில்லை.

ஒரு நாளின் 60 நிமிடம்

மணி நேரத்தை ஒரே மூச்சில் செலவிடாமல் காலை 25, மாலை 35 என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் 15 நிமிடம், முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் பொருளும் உள்ள சொல் அட்டைகள், அடுத்த 10 நிமிடம் எழுத்து. மாலையில் 20 நிமிடம் பாடநூல், 10 நிமிடம் கேட்டு உடன் சொல்லும் பயிற்சி, கடைசி 5 நிமிடம் அன்று படித்ததை வைத்து நீங்களே நான்கைந்து வாக்கியம் வாய்விட்டுச் சொல்வது. ஏன் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், காலையில் பார்த்த சொல் மாலைப் பாடத்தில் மறுபடி எதிர்ப்படும். இடையில் சில மணி நேரம் மறந்திருந்து திரும்ப நினைவுக்குக் கொண்டுவரும் அந்த முயற்சிதான் சொல்லை நிலைநிறுத்துகிறது. எபிங்கௌஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி எவ்வளவு வேகமாக நிகழ்கிறது என்பதை 1885இல் எழுதினார். கற்ற முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம், பிறகு அது தளர்ந்துவிடுகிறது என்பது அவர் கண்டது. இடைவெளி விட்டு அட்டைகளைத் திரும்பக் காட்டும் முறைகள் இந்த அடிப்படையில் எழுந்தவை.

அப்படித் திரும்பக் காட்டும் Anki செயலி போதும். அதில் நாளொன்றுக்குப் புதிய அட்டை 20 என்று அமைத்தபடி வரும். அதை உடனே 8 ஆகக் குறையுங்கள். இது சோம்பலுக்கு இடம் கொடுக்கும் யோசனை இல்லை. தினம் ஒரு புதிய அட்டை சேர்த்துக்கொண்டே போனால், சில வாரங்களில் அதனால் நாளொன்றுக்கு ஏழெட்டுப் பழைய அட்டைகள் திரும்பி வரும். 8 புதியது என்றால் தினம் 60 முதல் 70 அட்டை. ஒன்றுக்கு 12 விநாடி வைத்தாலும் கால் மணி நேரத்துக்குள் முடியும். 20 புதியது என்றால் இரண்டாம் மாதத்தில் தினம் 150 அட்டைக்கு மேல் குவிந்து, உங்கள் மணி நேரத்தில் பாதியை விழுங்கிவிடும். இரண்டு நாள் விட்டால் முந்நூறைத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் மூன்றாம் மாதத்தில் செயலியைத் திறப்பதையே நிறுத்துகிறார்கள். வாரத்தில் ஆறு நாள் 8 சொல் என்றால் மாதம் சுமார் 200, ஐந்து மாதத்தில் 1000. என்5 தேர்வுக்கு அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் எதுவும் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 800 சொல் தெரிந்தால் சமாளிக்கலாம் என்பது பயிற்றுவிப்போர் வழக்கமாகச் சொல்லும் அளவு.

ஏழாவது நாள் புதிதாக எதுவும் வேண்டாம். அட்டையை முடித்துவிட்டு, அந்த வாரப் பாடத்தின் உரையாடலைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முழுதாகக் கேளுங்கள். உடல்நிலை சரியில்லாத நாளுக்கும் வேலை நெருக்கும் நாளுக்கும் 15 நிமிடம் என்ற குறைந்தபட்சத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பழைய அட்டைகள் மட்டும், ஓர் உரையாடலை ஒருமுறை கேட்பது, அவ்வளவுதான். அன்றைக்குப் புதிய சொல் சேர்க்கக் கூடாது. விட்ட நாளை மறுநாள் இரண்டு மணி நேரமாக ஈடுகட்டவும் வேண்டாம். திட்டம் நகர்ந்தால் நகரட்டும்.

பாடநூல் ஒன்றே ஒன்று இருக்கட்டும். நான் 'மின்னா நோ நிஹோங்கோ' தொடக்கநிலையின் முதல் பாகத்தை வைத்துச் சொல்கிறேன். அதில் 25 பாடங்கள் இருக்கின்றன. ஒரு பாடத்துக்கு ஐந்தாறு நாள் என்று வைத்தால் ஆறு மாதத்துக்குச் சரியாகப் பொருந்தும். உங்களிடம் வேறு நூல் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு பாட எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் நூலை மாற்றுவதுதான் கூடாது. இரண்டு நூல்களின் முதல் பத்துப் பாடங்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும். மாற்றிய திருப்தியில் ஒரு மாதம் போய்விடும்.

சோதனையை எப்படி அமைப்பது

ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் அன்றைய மணி நேரம் முழுவதையும் இதற்கே கொடுங்கள். நான்கு அளவுகள், முதல் மாதத்தின் ஒரு மாற்றம் தவிர எல்லா மாதமும் அதே நான்கு. அளவுகோலை மாற்றினால் இரண்டு மாதத்தை ஒப்பிட முடியாது.

முதலாவது பேச்சு. "போன வாரம் நான் என்ன செய்தேன்" என்ற ஒரே தலைப்பில், குறிப்பு ஏதும் பார்க்காமல் 2 நிமிடம் பேசிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். முடித்ததும் கேட்டு, முழுமை பெற்ற வாக்கியங்கள் எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். பிழை இருந்தாலும் வினையில் முடிந்திருந்தால் அது ஒரு வாக்கியம். இரண்டாவது கேட்டெழுதுதல். முடித்த பாடங்களின் ஒலிப்பதிவிலிருந்து 10 வாக்கியம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை மட்டும் கேட்டு ஹிரகானா என்ற அடிப்படை எழுத்தில் எழுதுவது. ஓர் எழுத்து தவறினாலும் அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் இல்லை. மூன்றாவது சொல். இதுவரை சேர்த்த அட்டைகளிலிருந்து கண்மூடி எடுத்த 60 சொற்கள்: 20 எழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்ல, 20 ஒலியை மட்டும் கேட்டுப் பொருள் சொல்ல, 20 தமிழைப் பார்த்து ஜப்பானியச் சொல்லைச் சொல்ல. இந்த மூன்று எண்களையும் தனித்தனியாகக் குறியுங்கள், கூட்ட வேண்டாம். நான்காவது வாசிப்பு. முன்பு பார்க்காத, உங்கள் நிலைக்கு எழுதிய ஒரு சிறு பத்தியை வாய்விட்டு வாசித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். மாதாமாதம் பத்தியின் நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும்.

தவறிய இடங்களின் வகையை எழுதி வைப்பது மதிப்பெண்ணைவிட முக்கியம். "கேட்டெழுதுதல் 10க்கு 5" என்பது ஒன்றும் சொல்லாது. "தவறிய 5இல் 3 நெடிலைக் குறிலாக எழுதியது" என்பது அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும்.

முதல் மாதம்: எழுத்து, அதுவும் தமிழெழுத்தின் துணையில்லாமல்

ஜப்பானிய ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிரகானா 46, கதகானா 46. இரண்டையும் சேர்த்துக் கானா என்பார்கள். முதல் பத்து நாளில் ஹிரகானா, அடுத்த பத்து நாளில் கதகானா, கடைசிப் பத்து நாளில் பாடநூலின் முதல் இரண்டு பாடங்கள். கதகானாவில் ஷி, ட்சு, ஸொ, ன் ஆகிய நான்கும் ஒன்றைப்போல் ஒன்று தெரியும். அவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முயலாமல் கோட்டை எந்தத் திசையில் இழுக்கிறோம் என்று கையால் எழுதிப் பழகினால்தான் குழப்பம் தீரும்.

இந்த மாதத்தில் ஒரு பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். ஜப்பானியச் சொல்லுக்கு அருகில் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைப்பதைத்தான் சொல்கிறேன். தமிழெழுத்தில் வல்லினத்தின் வன்மையும் மென்மையும் எழுத்தால் தெரியாது, இடத்தால்தான் தெரியும். ஜப்பானியத்திலோ அவை வெவ்வேறு எழுத்துகள். 'தைககு' என்று நோட்டில் எழுதினீர்கள் என்றால், முதல் எழுத்தை மென்மையாக ஒலித்தால் பல்கலைக்கழகம், வன்மையாக ஒலித்தால் படிப்பைப் பாதியில் விடுவது. நோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதேபோல் நாம் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றைத் தகரத்தைத் தன்னையறியாமல் மென்மையாக்கிவிடுவோம். ஜப்பானியத்தில் அந்த இடத்திலும் அது வன்மையாகவே நிற்கும்.

மறுபக்கம், நமக்குக் கூடுதலாகக் கிடைத்திருப்பதும் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் தமிழ்க் காதுக்குப் பிறவியிலேயே பழக்கம். ஒபசன் என்றால் அத்தை வயதுப் பெண், ஒபாசன் என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த வேறுபாடு, ஒழுங்காகக் கேட்டால் உங்களுக்கு முதல் வாரத்திலேயே விளங்கிவிடும். கேட்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எழுத்தை மட்டும் பார்த்துப் படித்தால் இந்த அனுகூலம் கைக்கு வராது.

முதல் மாதச் சோதனையில் மட்டும் பேச்சுக்குப் பதிலாக எழுத்து. 92 எழுத்தையும் கலைத்துப்போட்டு 2 நிமிடத்துக்குள் வாசிக்க வேண்டும். ஐந்துக்கு மேல் தவறினால் இரண்டாம் மாதத்தில் எழுத்துக்கான அந்தப் பத்து நிமிடத்தில், சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளான கான்ஜியைத் தொடாதீர்கள். கானா தடுமாறும்போது மேற்கொண்டு செய்யும் எல்லாமே இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்.

இரண்டும் மூன்றும்: பாடம் ஓடும், தமிழ் இழுக்கும்

இரண்டாம் மாதத்தில் 3 முதல் 7 வரை, மூன்றாம் மாதத்தில் 8 முதல் 13 வரை. நாளுக்கு ஒரு கான்ஜி. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதால் பாடங்கள் வேகமாக நகரும். அந்த வேகத்திலேயே சில பிழைகள் வேர்விடும்.

முக்கியமானது நம் 'இல்' உருபு. வீட்டில் இருக்கிறேன், வீட்டில் படிக்கிறேன் இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. ஜப்பானியத்தில் இருப்பதற்கான இடத்துக்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'தெ' (இதன் தகரம் மென்மையானது). தமிழிலிருந்து மொழிபெயர்த்துப் பேசினால் எப்போதும் ஒன்றையே போடுவீர்கள். அடுத்தது பிடிக்கும், புரியும் என்பவை. நாம் 'எனக்கு' என்று தொடங்குவதால் 'நி' போடக் கை போகும். அங்கே பிடித்த பொருளுக்கு மென்மையாக ஒலிக்கும் 'க' வரும், ஆளுக்கு 'வ' வரும். மூன்றாவது, இருக்கிறது என்பதற்கு இரண்டு வினைகள். மனிதருக்கும் விலங்குக்கும் 'இமசு', பொருளுக்கும் செடிகொடிக்கும் 'அரிமசு'. பூனையும் முதல் வகைதான், நம் அஃறிணைக் கணக்கு அங்கே செல்லாது. இந்த மூன்றுக்கும் விதியைப் படித்தால் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியத்தை அட்டையாக்கி, தமிழைப் பார்த்து ஜப்பானியத்தில் சொல்லும்படி வையுங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒரு மனிதரோடு பேச வேண்டும். ஆசிரியரோ, மொழி மாற்றிக் கற்கும் துணையோ, உங்களுக்கு முன் கற்ற ஒருவரோ யாராக இருந்தாலும் சரி. அவரிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வாக்கியம் முடியும்வரை திருத்த வேண்டாம், முடிவில் மூன்று பிழைகளை மட்டும் சொல்லுங்கள். நடுவில் திருத்தினால் பேச்சு நின்றுவிடும். இருபது பிழைகளைச் சொன்னால் ஒன்றும் மனத்தில் நிற்காது.

ஒரு சோதனையின் எண்களை வாசித்துப் பார்ப்போம்

மூன்றாம் மாத முடிவில் ஒருவர் இப்படி எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சில் 2 நிமிடத்துக்கு 9 வாக்கியம். கேட்டெழுதியதில் 10க்கு 4. சொல்லில் எழுத்தைப் பார்த்து 18, ஒலியைக் கேட்டு 9, தமிழிலிருந்து 8. வாசிப்பு இரண்டாம் மாதத்தைவிட வேகம். பாடங்கள் குறித்த நாளில் முடிந்திருக்கின்றன, Anki ஒரு நாளும் விடுபடவில்லை. அவரைக் கேட்டால் "நன்றாகப் போகிறது" என்பார். பாட எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது உண்மை.

18க்கும் 9க்கும் உள்ள இடைவெளிதான் இங்கே கவனிக்க வேண்டியது. சொல் அவருக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, காதுக்குத் தெரியவில்லை. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். அட்டையின் முன்பக்கத்தில் எழுத்து மட்டும் இருக்கிறது, ஒலி இல்லை. பாட ஒலிப்பதிவையும் புத்தகத்தைத் திறந்துவைத்து வாசித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார். கேட்டெழுதுதலில் தவறிய 6 வாக்கியங்களை எடுத்துப் பார்த்தால் 4இல் நெடில், இரட்டித்த ஒற்று, வன்மை மென்மை ஆகியவற்றில் பிழை. மீதி 2இல் சொல்லே பிடிபடவில்லை. பேச்சு 9 வாக்கியத்தில் நிற்பதும் தமிழிலிருந்து 8 மட்டும் வந்ததும் ஒரே கதை: சொல்லை அடையாளம் காணத்தான் பழகியிருக்கிறார், எடுத்துத் தரப் பழகவில்லை.

இங்கே பெரும்பாலோர் எடுக்கும் முடிவு, "இன்னும் நிறையப் படிக்க வேண்டும்" என்று புதிய சொல்லைக் கூட்டுவது. அது இடைவெளியை அகலமாக்கும். இவர் செய்ய வேண்டியது வேறு. நான்காம் மாதத்தின் முதல் 10 நாள் புதிய அட்டையை 0 ஆக்க வேண்டும். பழையவை மட்டும் ஓடட்டும், திரும்பி வரும் எண்ணிக்கை தானாகக் குறையும். இருக்கும் அட்டைகளின் முன்பக்கத்தை ஒலியாக மாற்ற வேண்டும். ஒரே அட்டைக்கு இரண்டு பக்கமும் கேள்வியாக வரும்படி Anki-யில் அமைக்கலாம். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அதைச் செய்தால் சுமை இரட்டிப்பாகும் என்பதால் வினைகளுக்கும் அன்றாடப் பெயர்களுக்கும் மட்டும் போதும். எழுத்துக்கான 10 நிமிடத்தில் 5ஐ எடுத்து, மாலைக் கேட்கும் 10 நிமிடத்தோடு சேர்த்து 15 ஆக்கி, 1 முதல் 10 வரையிலான பழைய பாடங்களின் உரையாடல்களைத் தினம் நான்கு வாக்கியம் கேட்டெழுத வேண்டும். புதிய பாடத்தில் செய்யக் கூடாது. தெரிந்த சொற்கள் உள்ள இடத்தில்தான் காது ஒலியை மட்டும் கவனிக்கும்.

இதற்கு விலை உண்டு. எழுத்துக்கு நேரம் பாதியாவதால் கான்ஜி இரண்டு நாளுக்கு ஒன்று என்று குறையும். நான்காம் மாதம் 18ஆம் பாடத்தில் முடிய வேண்டியது 16இல் நிற்கலாம். அந்த விலையைக் கொடுங்கள். அடுத்த சோதனையில் ஒலியைக் கேட்டுச் சொன்ன எண் 14ஐத் தாண்டினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், பழைய பங்கீட்டுக்குத் திரும்பலாம். 10, 11 என்றே நின்றால், ஒலிப்பதிவை எழுத்தைப் பார்க்காமல் கேட்கிறாரா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

எண்கள் வேறு மாதிரியும் விழலாம். ஒலியைக் கேட்டு 16, தமிழிலிருந்து 7 என்றால் காது நன்றாக இருக்கிறது, வாய்தான் பின்தங்கியிருக்கிறது. அப்போது கூட்ட வேண்டியது அந்தக் கடைசி 5 நிமிடத்தை. மூன்று சொல் எண்ணும் 15க்கு மேல், பேச்சு மட்டும் 8 என்றால் சொல்லில் குறையில்லை, வினை வடிவங்கள் நாக்கில் புரளவில்லை. மூன்றும் 12க்குக் கீழே என்றால் வேகம் அதிகம், புதிய சொல்லை நாளுக்கு 5 ஆக்குங்கள்.

நான்காம் மாதம்: 'தெ' வடிவம்

14ஆம் பாடத்தில் வினையின் 'தெ' வடிவம் வருகிறது. இடத்துக்கு வரும் அந்த 'தெ' வேறு, இதன் தகரம் பெரும்பாலும் வன்மையானது. இந்த நூலின் முதல் பாகத்தில் பலர் நின்றுபோகும் இடம் இதுதான். பொருள் நமக்குக் கடினமே இல்லை. அது நம் வினையெச்சம்: செய்து, வந்து, சாப்பிட்டு. "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு வினையெச்சத்தோடு 'இரு' என்பதைச் சேர்ப்பது போலவே அங்கும் 'தெ' வடிவத்தோடு 'இமசு' சேரும். பிறகு படிக்கப்போகும் 'செய்து பார்', 'வாங்கி வை' போன்றவையும் அங்கே பார், வை என்ற வினைகளைக் கொண்டே அமைகின்றன. ஆங்கில வழி விளக்கத்தில் இவை ஒவ்வொன்றும் தனி இலக்கணப் பாடமாக வரும். நீங்கள் தமிழ் வழியாக யோசித்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கடினம் வடிவத்தில்தான் இருக்கிறது. வினையின் ஈற்றைப் பொறுத்து முடிவு மாறும். சிலவற்றில் ஒற்று இரட்டிக்கும், சிலவற்றில் மெல்லினம் வந்து 'ந்தெ' ஆகும், சிலவற்றில் 'இதெ' ஆகும். விதி அட்டவணையை மனப்பாடம் செய்து, பேசும்போது அதை நினைவில் தேடினால் வாக்கியம் பாதியில் நின்றுவிடும். அதனால் இரண்டு வாரத்துக்குத் தினம் 5 நிமிடம் இதற்கென்றே வையுங்கள். அடிக்கடி பயன்படும் 30 வினைகளை ஒரு தாளில் எழுதி, 'மசு' என்று முடியும் மரியாதை வடிவத்தைப் பார்த்ததும் 'தெ' வடிவத்தைச் சொல்லுங்கள். 30ஐயும் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். அதற்கு முன்னால் போகாதீர்கள். 17, 18, 19ஆம் பாடங்களில் வரிசையாக இன்னும் மூன்று வடிவங்கள் வரும். முதலாவது உறுதியாக இல்லையென்றால் நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நல்ல செய்தி, 19இல் வரும் 'த' வடிவம் 'தெ' வடிவத்தின் கடைசி உயிரை மாற்றினால் கிடைத்துவிடும்.

நான்காம் மாதச் சோதனையின் பேச்சில், பழைய இரண்டு நிமிடத்தை முடித்த பிறகு முதல் பதிவையும் இந்தப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாக்கியங்கள் நீளமாகியிருக்க வேண்டும். எண்ணிக்கை கூடாமல் நீளம் கூடியிருந்தாலும் அது முன்னேற்றம்தான். "எழுந்தேன். குளித்தேன். போனேன்" என்ற மூன்றை "எழுந்து குளித்துவிட்டுப் போனேன்" என்று ஒன்றாக்கியிருப்பீர்கள்.

ஐந்தாம் மாதம்

19 முதல் 23 வரை. பின்தங்கியிருந்தால் 21 வரை வந்தாலும் போதும். 20ஆம் பாடத்தில் நண்பர்களுக்குள் பேசும் சாதாரண நடை வரும். அதைக் காதுக்காகப் படியுங்கள். உங்கள் பேச்சு ஆறு மாதம் முடியும்வரை 'மசு' நடையிலேயே இருக்கட்டும், யாரிடமும் மரியாதைக் குறைவாகப் படாது. 22ஆம் பாடம் பெயரெச்சம். "நேற்று வாங்கிய புத்தகம்" என்று நாம் சொல்லும் அதே வரிசைதான் என்பதால் ஒரே நாளில் முடிந்துவிடும். மிச்சமாகும் நாள்களை வாசிப்புக்குக் கொடுங்கள்.

ஆறாம் மாதம்: புதியதை நிறுத்துவது

முதல் வாரத்தில் மீதிப் பாடங்கள். அதற்குமேல் புதிய பாடமோ புதிய சொல்லோ வேண்டாம். மாலைப் பாட நேரமான 20 நிமிடத்தில் வாரத்தில் மூன்று நாள் என்5 மாதிரி வினாத்தாள், மற்ற நாள்களில் பழைய உரையாடல்களைப் புத்தகம் இல்லாமல் மறுபடி சொல்வது. பேச்சுத் துணையோடு வாரம் இரண்டு முறை.

என்5இல் மொத்தம் 180 மதிப்பெண், தேற 80 வேண்டும். அதோடு எழுத்து, சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த 120இல் குறைந்தது 38, கேட்டறிதலின் 60இல் குறைந்தது 19 எடுக்க வேண்டும். மொத்தம் 80ஐத் தாண்டியும் கேட்டறிதலில் 19ஐத் தொடாவிட்டால் தேர்ச்சி கிடையாது. இந்தத் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது, விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே எழுதுவதாக இருந்தால் உங்கள் முதல் நாளையே தேர்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவு செய்யுங்கள். இன்னொன்று, இந்தத் தேர்வில் பேசுவதும் கையால் எழுதுவதும் இல்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். தேறியவரால் பேச முடியும் என்பதற்கு அது சான்று ஆகாது. அதனால்தான் மாதிரி வினாத்தாளில் நல்ல எண் வந்தாலும் கடைசி மாதச் சோதனையில் அந்த 2 நிமிடப் பதிவை விடக் கூடாது என்கிறேன்.

எண்களை எங்கே வைத்துப் பார்ப்பது என்றால், ஆறாம் மாத முடிவில் 2 நிமிடத்தில் 15 முதல் 20 வாக்கியம், கேட்டெழுதுதலில் 7க்கு மேல், மூன்று சொல் எண்ணும் 14க்குக் கீழே போகாமல் இருந்தால் இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாம். இதில் ஏதாவது ஒன்று வெகுவாகப் பின்தங்கியிருந்தால் ஏழாம் மாதத்தை அதற்கு மட்டும் கொடுத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள். இடையில் சில வாரம் ஓய்வு வேண்டும் என்று தோன்றினால் பாடத்தை நிறுத்துங்கள், காலை அட்டையை நிறுத்தாதீர்கள். புதியது சேராததால் அது சீக்கிரமே தினம் ஏழெட்டு நிமிடமாகச் சுருங்கிவிடும்.